ஐந்நூறு ரம்மியில் அடிச்சீட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் பக்கத்து வீடுகளில் சீட்டு என்றால் முதலில் துன்னிதான் நினைவுக்கு வரும். ரம்மி என்றால் பதின்மூன்று சீட்டு ரம்மி. இந்த இரண்டிலும் கை தேர்ந்தவர்கள் ஐந்நூறு ரம்மிக்கு உட்காரும்போது ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: கழித்த சீட்டுகளில் ஆழமாகக் கை வைக்கும் இடத்தில். அதனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றியது. சீட்டின் பெயர்களை வீட்டு வழக்கப்படி இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்றே எழுதியிருக்கிறோம். ஹார்ட்தான் ஆட்டின், கிளப்தான் கிளாவர்.

பதின்மூன்று சீட்டு ரம்மி தெரியும். இதில் என்ன வேறுபாடு?

அங்கே கைக்குள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, கடைசியில் ஒரே அடியாகக் காட்டி முடிப்பீர்கள். இங்கே செட்டோ சீக்வென்ஸோ சேர்ந்ததும், உங்கள் முறையில் மேசையில் இறக்கிவிடலாம். இறக்கிய சீட்டுக்கு மதிப்பெண் உண்டு, கையில் தங்கிய சீட்டுக்குக் கழிவு உண்டு. ஆட்டத்துக்குப் பிறகு ஆட்டமாகக் கூட்டிக்கொண்டே போய் 500-ஐத் தொடுபவர் ஜெயிக்கிறார். ஜோக்கர் இல்லை, சுத்த சீக்வென்ஸ் கட்டாயமும் இல்லை.

பெரிய வேறுபாடு கழித்த சீட்டில்தான். பதின்மூன்று சீட்டில் கடைசியாக விழுந்த ஒன்றை மட்டும் எடுக்கலாம், அதற்கு முன் விழுந்தவை செத்த சீட்டு. இங்கே எதுவும் சாவதில்லை. கழித்தவை அனைத்தும் முகம் தெரிய வரிசையாகக் கிடக்கும். எவ்வளவு ஆழத்தில் இருக்கும் சீட்டையும் எடுக்கலாம், ஆனால் அதற்குமேல் விழுந்தவை எல்லாவற்றையும் சேர்த்து அள்ள வேண்டும். அள்ளியதில் அடியில் இருந்த சீட்டை அந்த முறையிலேயே மேசையில் பயன்படுத்தியாகவும் வேண்டும். அதைத்தான் அடிச்சீட்டு என்கிறோம்.

அடிச்சீட்டு என்றால் அள்ளியதிலேயே மதிப்பில் சின்ன சீட்டா?

இல்லை. மதிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நீங்கள் அள்ளியவற்றில் முதலில் கழிக்கப்பட்டது எதுவோ அதுதான் அடிச்சீட்டு. அடியில் ராஜாவும் அதன்மேல் 2, 3, 4 என்றும் கிடந்தால், ராஜாவைத்தான் இறக்க வேண்டும். மற்ற மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளலாம், இறக்கலாம், அவற்றில் ஒன்றைக் கழிக்கவும் செய்யலாம்.

இறக்குவது என்றால் புது செட்தான் வைக்க வேண்டுமா?

இரண்டு வழி உண்டு. ஒன்று, அடிச்சீட்டைச் சேர்த்து மூன்று சீட்டுக்குக் குறையாத புது செட்டோ, ஒரே இனத்தில் சீக்வென்ஸோ வைப்பது. இன்னொன்று, மேசையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு அதை ஒட்டுவது. அது உங்களுடையதாக இருக்கலாம், எதிராளி வைத்ததாகவும் இருக்கலாம். எதிராளி வைத்ததோடு ஒட்டினாலும் சீட்டை உங்கள் முன்னால்தான் வைக்க வேண்டும், மதிப்பெண் உங்களுக்கே. எதனோடு ஒட்டுகிறீர்கள் என்று வாயால் சொல்லிவிடுங்கள். மேசையில் 10, 10, 10 என்று ஒரு செட்டும் இஸ்பேட் 7, 8, 9 என்று ஒரு சீக்வென்ஸும் இருக்கையில் இஸ்பேட் 10 இரண்டுக்கும் பொருந்தும். சீக்வென்ஸில் என்று சொன்னால்தான் பின்னால் இஸ்பேட் ஜாக்கிக்கு வழி திறக்கும்.

புது செட் வைக்கும்போது கூட்டாளிச் சீட்டுகள் கையில் இருந்தே வர வேண்டும் என்பதில்லை. அதே அள்ளலில் வந்தவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அடிச்சீட்டு டைமன் 4, அதற்கு மேலே கிளாவர் 4, கையில் ஆட்டின் 4 என்றால் போதும். சில வீடுகளில் கையிலிருந்து இரண்டு சீட்டாவது வர வேண்டும் என்று கறாராக இருப்பார்கள், அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை சீட்டு?

இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 13, மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஆளுக்கு 7. நான்கு பேர் வரை ஒரு கட்டு போதும், ஐந்து பேர் ஆனால் இரண்டு கட்டைக் கலந்துகொள்வது வழக்கம். பங்கிட்ட பிறகு ஒரு சீட்டைத் திருப்பி வைத்தால் அதுவே கழித்த வரிசையின் முதல் சீட்டு. மீதி மூடிய கட்டு.

துன்னி ஆடி முடித்த கட்டை அப்படியே கலைத்துப் போடும் வீடுகளுக்கு ஒரு சொல்: துன்னிக்கு 24 சீட்டு போதும் என்பதால் மற்ற 28 டப்பாவிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றையும் சேர்த்து 52 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு உட்காருங்கள். பாதி ஆட்டத்தில்தான் யாருக்கும் 6 வரவில்லையே என்று சந்தேகம் கிளம்பும்.

ஜாக்கிக்கும் 9-க்கும் இதில் என்ன மதிப்பு?

துன்னிக் கணக்கை மறந்துவிடுங்கள். அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20. இங்கே ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் தலா 10 தான், 2 முதல் 10 வரை அதனதன் எண்ணே மதிப்பு. சீக்வென்ஸ் வரிசையும் 9, 10, ஜாக்கி, ராணி, ராஜா என்று நேராகப் போகும். துன்னியில் ஊறிய கண்ணுக்கு ஜாக்கியும் ஒன்பதும் பக்கத்துச் சீட்டு போலத் தெரியும், நடுவில் பத்து இருக்கிறது.

ஏஸ் தனிப் பிறவி. ராஜா, ராணியோடு மேலே சேர்ந்தாலும் ஏஸ்களின் செட்டில் இருந்தாலும் 15. ஏஸ், 2, 3 என்று கீழே சேர்ந்தால் 1 மட்டும். ராஜா, ஏஸ், 2 என்று சுற்றிப் போக முடியாது. கையில் மாட்டிக்கொண்டால் கழிவு 15. ஆழமாக அள்ளும்போது நடுவில் ஏஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கழித்த சீட்டுகளை எப்படிப் பரப்புவது?

இடமிருந்து வலமாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறியபடி, ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் உள்ள எண்ணும் இனமும் தெரியும்படி. பழையது இடது ஓரம், புதியது வலது ஓரம். மேசை போதாவிட்டால் இரண்டாம் வரிக்கு மடக்கலாம், ஆனால் முதல் வரி எங்கே முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

வரிசையை யாரும் அழகுபடுத்தக் கூடாது. இரண்டு சீட்டு இடம் மாறினால் அடிச்சீட்டே மாறிவிடும், யார் எதை இறக்க வேண்டும் என்பதும் மாறிவிடும். வராந்தாவில் ஆடும்போது கடற்காற்று வரிசையைக் கலைத்துவிட்டால் நினைவை வைத்து அடுக்குவதற்குள் சண்டை வந்துவிடும். வெளியே ஆடுவதானால் இடது ஓரச் சீட்டின் மேல் ஒரு கனமான கரண்டியையாவது வையுங்கள், எண் மறையாமல்.

அள்ளிவிட்டேன், பிறகு பார்த்தால் அடிச்சீட்டை இறக்க வழியில்லை. என்ன செய்வது?

அள்ளியது செல்லாது. அள்ளியவற்றை அதே வரிசையில் திருப்பி வைத்துவிட்டு, மூடிய கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். சொல்வது சுலபம். ஏழு சீட்டு கைச்சீட்டோடு கலந்த பிறகு எது எங்கே இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்?

அதனால் கையை வரிசைமேல் வைக்கும் முன்பே இறக்குவதைச் செய்துவிடுங்கள். முதலில் கையிலிருந்து கூட்டாளிச் சீட்டுகளை மேசையில் வையுங்கள். பிறகு அடிச்சீட்டை மட்டும் விரலால் இழுத்து அவற்றோடு சேருங்கள். செட் சரி என்று மற்றவர்கள் தலையாட்டிய பிறகு, அதற்கு மேலே கிடப்பவற்றைக் கையில் எடுங்கள். இந்த ஒழுங்கில் போனால் தவறு நடந்தாலும் ஒரு சீட்டைத்தான் திருப்பி வைக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தவறு பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்றால், ஆசைப்பட்ட சீட்டு நடுவில் இருக்க, கை தவறி அதற்கும் ஒன்று கீழே போய்விடும். நமக்கு வேண்டியது எதுவோ அங்கேயே வெட்ட வேண்டும். அதற்குக் கீழே இருப்பது வரிசையிலேயே கிடக்கட்டும்.

மேலே கிடக்கும் ஒற்றைச் சீட்டை மட்டும் எடுத்தாலும் இறக்கியே ஆக வேண்டுமா?

விதியை எழுத்துப்படி பார்த்தால் ஆம். ஒன்றே ஒன்றை எடுத்தாலும் அடிச்சீட்டு அதுதான். ஆனால் ஒற்றைச் சீட்டை மட்டும் பதின்மூன்று சீட்டு ரம்மி போலக் கையில் வைத்துக்கொள்ள விடும் வீடுகளும் நிறைய. எங்கள் கருத்து: புதியவர்கள் இருந்தால் தளர்த்தி ஆடலாம், பழகியவர்கள் கறாராக ஆடினால்தான் ஆட்டத்தில் காரம் இருக்கும்.

ஆழமாக அள்ளுவது லாபமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இந்த முறையில் உறுதியாக மேசைக்குப் போவது எவ்வளவு, கழித்த பிறகு கையில் தங்குவது எவ்வளவு. இரண்டையும் கழித்துப் பார்த்தால், அடுத்தவர் உடனே ஆட்டத்தை முடித்தால்கூட என்ன மிஞ்சும் என்பது தெரிந்துவிடும். ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம்.

மூன்று பேர் ஆடுகிறார்கள், மேசையில் இன்னும் யாரும் எதையும் இறக்கவில்லை. உங்கள் கையில்: இஸ்பேட் 9, இஸ்பேட் 10, ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ராணி, ஆட்டின் 7, டைமன் 5, கிளாவர் 2. கழித்த வரிசை இடமிருந்து வலமாக: இஸ்பேட் 8, ஆட்டின் ராஜா, டைமன் 4, கிளாவர் 9, ஆட்டின் 3, டைமன் ராணி, கிளாவர் 5.

கண்ணில் முதலில் படுவது ஆட்டின் ராஜா. அதை அடிச்சீட்டாக வைத்து ஆறு சீட்டை அள்ளினால் ஜாக்கி, ராணி, ராஜா இறங்கும், 30 மதிப்பெண். ஆனால் கையில் பத்துச் சீட்டு மிஞ்சும், கூட்டினால் 64. டைமன் ராணியைக் கழித்தால் 54. அடுத்தவர் முடித்துவிட்டால் 30-இல் 54 போய் உங்களுக்கு 24 கழிவு.

இப்போது இன்னும் ஒரே ஒரு சீட்டு ஆழமாகப் போங்கள். அடிச்சீட்டு இஸ்பேட் 8. அது 9, 10 உடன் சேர்ந்து 27. ராஜா அதற்கு மேலே கிடந்ததால் தானாகவே கைக்கு வருகிறது, அதையும் இறக்கினால் 30. மொத்தம் 57. கையில் எட்டுச் சீட்டு, கூட்டினால் 45, டைமன் ராணியைக் கழித்தால் 35. உடனே ஆட்டம் முடிந்தாலும் உங்களுக்கு 22 கூடும்.

ஒரு சீட்டு அதிகமாக அள்ளியதில் 46 மதிப்பெண் திரும்பிவிட்டது. 27 புதிதாக இறங்கியது, கையில் சுமையாக இருந்த 9-உம் 10-உம் சேர்ந்த 19-உம் கழன்றது. அள்ளிய சீட்டின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அடிச்சீட்டு உங்கள் கையிலிருந்து எத்தனை கனமான சீட்டைக் கூடவே வெளியே இழுத்துப் போகிறது என்பதைப் பாருங்கள். மிஞ்சியதிலும் உயிர் இருக்கிறது: டைமன் 4, 5 சேர்ந்து 3-க்கோ 6-க்கோ காத்திருக்கும், கிளாவர் 5-உம் டைமன் 5-உம் இன்னொரு 5-க்குக் காத்திருக்கும்.

நீங்கள் இறக்கியது மற்றவர்களுக்கும் வாசல் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த ஆட்டின் சீக்வென்ஸில் யாராவது ஆட்டின் ஏஸை ஒட்டினால் அவருக்கு 15.

அள்ளவே கூடாத நேரம் எது?

ஒட்டுவதற்காக மட்டும் ஆழமாகப் போவது பெரும்பாலும் நஷ்டம். எதிராளி மூன்று 6 வைத்திருக்கிறார், நான்காவது 6 வரிசையில் ஐந்தாவது ஆழத்தில் கிடக்கிறது, அதற்குமேல் ராஜா, ஏஸ், ஜாக்கி, 9, நான்கும் உங்கள் கைக்குச் சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 6. கைக்கு வருவது 44. ஏஸைக் கழித்தாலும் 29 தங்கும், அந்த ஏஸும் அடுத்தவருக்குப் போய்ச் சேரலாம். விதி அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று எதிராளியின் கை. ஒருவரிடம் இரண்டு மூன்று சீட்டுதான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன கழித்தல் கணக்கு நேராக உங்கள் தலையில் விழும். விடை பூச்சியத்துக்குக் கீழே என்றால் மூடிய கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு அமைதியாக இருங்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில், எல்லோர் கையிலும் ஆறேழு சீட்டு இருக்கும்போது, கொஞ்சம் கழிவில் போனாலும் இறக்கி மீள நேரம் இருக்கும்.

கையில் செட் இருந்தும் ஒருவர் அதில் ஒன்றைக் கழிக்கிறாரே, தெரியாமல் ஆடுகிறாரா?

தெரிந்துதான் ஆடுகிறார். கையில் மூன்று 9 இருக்கிறது. இப்போதே இறக்கினால் 27, அவ்வளவுதான். அவர் ஒன்றைக் கழித்துவிட்டு இரண்டை வைத்துக்கொள்கிறார். அந்த 9-இன் மேல் மற்றவர்கள் கழித்துக்கொண்டே போவார்கள், வரிசை வளரும். தேவையானவை சேர்ந்ததும் அதே 9-ஐ அடிச்சீட்டாக வைத்து எல்லாவற்றையும் அள்ளிவிடுவார். 27-உம் கிடைக்கும், மேலே வந்ததும் கிடைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம்: பாதி ஆட்டம் போன பிறகும் ஒரே எண்ணில் மற்ற மூன்றும் எங்கும் தலைகாட்டவில்லை, ஆனால் ஒன்று மட்டும் வரிசையின் அடியில் கிடக்கிறது. அப்படிக் கண்டால் அதன்மேல் நல்ல சீட்டைக் கழிக்காதீர்கள். உங்களிடம் அந்தச் சீட்டுக்கு ஒரு சீக்வென்ஸ் பொருந்தினால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள், அவரிடம் இரண்டு 9 செத்துப்போய்க் கிடக்கும். தூண்டில் போடுபவருக்கு உள்ள ஆபத்தும் அதுவே.

ஒருவர் அள்ளியதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

அவர் கையில் என்ன இருக்கிறது என்று மேசைக்கே சொல்லிவிட்டல்லவா எடுத்தார்! மேலே சொன்ன ஆட்டத்தில், அள்ளியவரிடம் டைமன் 4, கிளாவர் 5, கிளாவர் 9, ஆட்டின் 3 இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் நிம்மதி, அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் எச்சரிக்கையாகக் கழிக்க வேண்டும். டைமன் 3, கிளாவர் 4, கிளாவர் 6 எல்லாம் அவருக்கு அருகில் போகும் சீட்டு.

ஒட்டக்கூடிய சீட்டைக் கவனிக்காமல் கழித்துவிட்டால்?

பல வீடுகளில், அடுத்தவர் சீட்டு எடுக்கும் முன் யார் முதலில் 'ரம்மி' என்று கூவுகிறாரோ அவர் அந்தச் சீட்டை எடுத்துத் தன் முன்னால் ஒட்டிக்கொள்வார். அவர் முறையாக இல்லாவிட்டாலும் சரி. இதை எல்லோரும் ஆடுவதில்லை. ஆடுவதானால், கூவி எடுப்பவர் வரிசையின் வேறு சீட்டைத் தொடக் கூடாது என்று சேர்த்தே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அள்ளலும் கூவலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

மூடிய கட்டு தீர்ந்துவிட்டால்?

மூன்று பேர் ஆடும்போது மூடிய கட்டில் 30 சீட்டு இருக்கும், எல்லோரும் அதிலிருந்தே எடுத்தால் பத்துச் சுற்று. தீர்ந்த பிறகு வரிசையிலிருந்து மட்டும் எடுத்து ஆடலாம், அடிச்சீட்டு விதி அப்படியே பொருந்தும். தன் முறையில் வரிசையில் எதையும் பயன்படுத்த முடியாத ஒருவர் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். யாரும் கையைக் காலி செய்யாவிட்டாலும் அப்போதே எண்ணிக்கை.

எண்ணும்போது அவரவர் முன்னால் இருப்பதைக் கூட்டி, கையில் இருப்பதைக் கழித்து எழுதுங்கள். விடை கழிவாக வந்தால் கழிவாகவே எழுத வேண்டும், பூச்சியமாக்கக் கூடாது. 485-இல் இருந்தவர் 24 கழிவு வாங்கினால் 461-க்கு இறங்குவார். ஒரே ஆட்டத்தில் இரண்டு பேர் 500-ஐத் தாண்டினால் கூட்டுத்தொகை அதிகம் உள்ளவருக்கே வெற்றி, முதலில் கையைக் காலி செய்தவருக்கு அல்ல.